அடுக்குமாடி வீடு பிந்தினால்: திகதி பார்ப்பதிலிருந்து வழக்கு வரை, மட்டக்களப்பிலிருந்து செய்ய வேண்டியவை

கல்லடியிலிருந்து கல்முனை வரை எங்கள் பக்கத்து ஆட்கள் அடுக்குமாடி வீடு வாங்குவதென்றால் அது அநேகமாக வெள்ளவத்தை அல்லது தெஹிவளைதான். பிள்ளைகளின் படிப்பு, வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் பணம், வயதான காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு இடம் என்று காரணங்கள் இருக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன், என் வீடு ஒன்றரை வருடம் பிந்தியது. அதன்பிறகு ஐந்தாறு பேர் தங்கள் கோப்புகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள். அந்த வரிசையில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஒரு சட்டத்தரணியிடம் போவதற்கு முன் நீங்கள் எதைத் தயார்பண்ண வேண்டும், எதைச் செய்துவிடக் கூடாது என்பதே இது.

முதலில் ஒன்று. யூடியூபில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசும் ரேரா சட்டம் இந்தியாவுடையது. அங்கே 2016 சட்டத்தின் 18ஆம் பிரிவு, பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தருகிறது. இலங்கையில் அது இல்லை. அதை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். கம்பனிக்காரர் சிரித்துவிட்டுப் பதில் போடவேயில்லை. இங்கே உங்கள் கையில் இருப்பவை மூன்று: உங்கள் ஒப்பந்தம், ரோம டச்சுச் சட்டத்தின் ஒப்பந்த விதிகள், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. இவற்றில் கூடிய பலம் ஒப்பந்தத்துக்குத்தான்.

1. ஒப்பந்தத்தில் ஐந்து வரிகளைத் தேடுங்கள்

வீட்டில் உட்கார்ந்து, பென்சிலோடு வாசியுங்கள். ஒப்படைக்கும் திகதி, அதன்மேல் கம்பனிக்குக் கிடைக்கும் சலுகைக் காலம், கம்பனி பிந்தினால் தரவேண்டிய வட்டி, நீங்கள் விலகினால் என்ன நடக்கும், பிணக்கு வந்தால் எங்கே போகவேண்டும் ஆகிய ஐந்தும் வேண்டும்.

சலுகைக் காலத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். ஒப்படைப்பு 2024 ஜூன் 30 என்று இருக்கும். பத்துப் பக்கம் தள்ளி, ஆறு மாதம் கூடுதலாக எடுக்கலாம் என்று இன்னொரு வரி இருக்கும். அப்படியென்றால் உங்கள் தாமதம் தொடங்குவது 2025 ஜனவரியில்தான். ஜூலையிலிருந்து வட்டி கேட்டால் உங்கள் கணக்கு முழுவதையுமே சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஐந்தாவது வரியில் மத்தியஸ்தத் தீர்ப்பு என்று இருந்தால், அதாவது பிணக்கைத் தனியான தீர்ப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தால், அதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி, மற்றத் தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்காது. நீதிமன்றத்தில் ஒரு வருடம் ஓடியபின் இது தெரியவந்தால் அந்த வருடமும் செலவும் போனதுதான்.

அத்தோடு, அது நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். அசையாச் சொத்தை விற்பதற்கான ஒப்பந்தம் அப்படி எழுதப்படாவிட்டால், 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி அதை வைத்து வீட்டைக் கேட்க முடியாது. விற்பனை அலுவலகத்தில் கையெழுத்திட்ட பதிவுப் படிவம் மட்டும் வைத்திருப்பவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் வீட்டை எழுதித் தரும்படி வற்புறுத்த வழியில்லை. இந்த ஒரு விடயத்தால் கீழே 4ஆம் படியில் உங்கள் தெரிவே மாறிவிடும்.

2. யார் பெயரில், எந்தக் கணக்கிலிருந்து பணம் போனது?

எங்கள் ஊரின் தனிப் பிரச்சினை இது. ஒப்பந்தம் அக்காவின் பெயரில் இருக்கும். முதல் தவணை அக்காவின் கணக்கிலிருந்து, இரண்டாவது கட்டாரிலிருக்கும் மகனிடமிருந்து, மூன்றாவது சுவிஸிலிருக்கும் தம்பியிடமிருந்து நேராகக் கம்பனிக் கணக்குக்குப் போயிருக்கும். பிந்தியபோது கம்பனி என்ன சொல்லும்? 'அந்தப் பணம் இந்த வீட்டுக்குத்தான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?'

அதனால் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று தாள்களை ஒன்றாகக் குத்திவையுங்கள்: வங்கிக் கூற்று அல்லது அனுப்பிய ரசீது, கம்பனியின் பற்றுச்சீட்டு, கம்பனி அந்தத் தவணையைக் கேட்டு அனுப்பிய கடிதம். பற்றுச்சீட்டில் வீட்டு இலக்கம் இல்லாவிட்டால், இதுவரை பெற்ற மொத்தத் தொகையை உறுதிப்படுத்தும் கணக்குக் கூற்று ஒன்றைக் கம்பனியிடம் இப்போதே கேளுங்கள். சண்டை தொடங்குமுன் சாதாரணமாகக் கேட்டால் கணக்குப் பிரிவு தந்துவிடும். கோரிக்கைக் கடிதம் போனபின் தராது.

வாங்கியவர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே அவருக்காக நடப்பவருக்கு அற்றோனித் தத்துவம் எழுதி, அதை இலங்கையில் பதிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் இதற்காக ஒரு மாதம் போகும். இப்போதே தொடங்குங்கள்.

3. உங்கள் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்

கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது தவணையை நிறுத்துவது. அதைச் செய்யாதீர்கள், அல்லது சட்டத்தரணியைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இரண்டு பக்கமும் கடமையுள்ள ஒப்பந்தத்தில், தன் கடமையைச் செய்யாதவர் மற்றவரைக் குறைகூற முடியாது. உங்கள் தவணை, கட்டட வேலையின் கட்டங்களோடு பிணைக்கப்பட்டிருந்தால், அந்தக் கட்டம் முடியாதவரை நீங்கள் கட்டவேண்டியதில்லை. ஆனால் திகதியோடு பிணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் நிறுத்திய அடுத்த நாளே தவறியவர் நீங்கள்தான். உங்களுக்கெதிரான தாமத வட்டி ஓடத் தொடங்கும். அதன் வீதம் அநேகமாகக் கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய வீதத்தைவிடக் கூட இருக்கும். ஒருவர் நாலு மாதம் நிறுத்தியதால் தன் முழு வழக்கையும் பலவீனமாக்கிக்கொண்டார். அந்த நாலு மாதத்தில் கம்பனி மூன்றாவது மாடிக்குத் தளம்கூடப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் திகதியைத்தான் சொன்னது.

4. வீடு வேண்டுமா, பணம் வேண்டுமா: கடிதத்துக்கு முன் முடிவெடுங்கள்

வட்டி எங்கிருந்து தொடங்குகிறது என்பதே இந்த முடிவில்தான் தங்கியிருக்கிறது. அதனால் ஒரு உதாரணத்தை முழுமையாகவே போட்டுப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை.

வீட்டின் விலை 240 இலட்சம் ரூபா. வாங்கியவர் 2022 பெப்ரவரி 1 இல் 60 இலட்சமும், 2023 பெப்ரவரி 1 இல் 60 இலட்சமும், 2024 பெப்ரவரி 1 இல் 72 இலட்சமும் கட்டினார். மொத்தம் 192 இலட்சம். மிச்சம் 48 இலட்சத்தை ஒப்படைப்பின்போது கட்டவேண்டும். சலுகைக் காலம் முடிந்தது 2024 டிசம்பர் 31. கணக்குப் பார்க்கும் நாள் 2025 டிசம்பர் 31. ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் உண்டு: பிந்தினால் கட்டிய தொகைக்கு ஆண்டுக்கு 8 வீத வட்டி, வாங்கியவர் விலகினால் கட்டிய பணத்தோடு ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளிலிருந்து அதே வீத வட்டி.

வீட்டை வைத்துக்கொண்டு தாமத வட்டி கேட்டால்:

```
19,200,000 × 8% × 365 ÷ 365 = 1,536,000
ஒரு நாளுக்கு: 1,536,000 ÷ 365 = 4,208
```

விலகிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஒவ்வொரு தவணைக்கும் நாள் எண்ண வேண்டும்:

```
6,000,000 × 8% × 1429 ÷ 365 = 1,879,233
6,000,000 × 8% × 1064 ÷ 365 = 1,399,233
7,200,000 × 8% ×  699 ÷ 365 = 1,103,079
மொத்த வட்டி              = 4,381,545
```

15 இலட்சமா, 44 இலட்சமா என்று பார்த்தால் விலகுவதுதான் இலாபம்போலத் தெரியும். அவசரப்பட வேண்டாம். அதே அளவு வீடு அதே தெருவில் இன்று 310 இலட்சம் என்று வையுங்கள். விலகினால் உங்களுக்கு வருவது 192உம் 44உம் சேர்ந்து 236 இலட்சம். கட்டாமல் வைத்திருக்கும் 48 இலட்சத்தையும் சேர்த்தால் கையில் 284 இலட்சம். அதே வீட்டை வாங்க 26 இலட்சம் குறைகிறது. வீட்டை வைத்துக்கொண்டால் அதே 48 இலட்சத்தைக் கட்டி 310 இலட்சத்துக்கான வீட்டை எடுக்கலாம், மேலே 15 இலட்சம் வட்டியும் வரும். இன்றைய விலை 240ஐ விடக் குறைந்திருந்தாலோ, கட்டடம் எழும்பவே எழும்பாது என்றாலோ கதை தலைகீழ்.

எழும்புமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பனைப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்குத் தெருவில் நின்று எத்தனை பேர் வேலைசெய்கிறார்கள் என்று எண்ணுங்கள். அன்றும் அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பக்கத்தைத் தேடி, புதிதாக ஈடு ஏதாவது பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்கு இரண்டாவது, மூன்றாவது ஈடு வைத்த காணியும் ஆளில்லாத சாரமும் ஒன்றாக வந்தால், எனக்கென்றால் பணம் கேட்பதுகூடப் பயன்தராதோ என்ற பயம்தான் வரும். கம்பனி கலைக்கப்பட்டால் ஈடு வைத்திருக்கும் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நிற்பார்கள்.

5. வட்டி வீதம் எழுதப்படாவிட்டால்

பல ஒப்பந்தங்களில் உங்கள் தாமதத்துக்கு மட்டும் வட்டி உண்டு, கம்பனியின் தாமதத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அப்போதும் உங்களுக்கு எதுவுமில்லை என்று நினைக்கவேண்டாம்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 192ஆம் பிரிவுப்படி, பணம் கேட்கும் வழக்கில் ஒப்பந்தத்தில் சொன்ன வீதம் இல்லாதபோது சட்ட வட்டி வீதத்தில், வழக்கிட்ட நாளிலிருந்து வட்டி கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. அந்த வீதம் நிலையானதல்ல. மத்திய வங்கி வர்த்தமானியில் அறிவிக்கும். நீங்கள் கணக்குப் போடும் ஆண்டுக்குரியதை எடுங்கள், போன வருடத்ததை எடுக்காதீர்கள்.

வழக்குக்கு முந்திய காலத்துக்கு, தாமதத்தால் உங்களுக்கு வந்த நட்டத்தைத் தனியாக நிறுவவேண்டும். நீங்கள் கட்டிய வாடகை அதில் முக்கியமானது. ஆனால் வீட்டுக்காரருக்கு மாதம் 65,000 ரூபாவைக் கையில் கொடுத்து, துண்டுகூட வாங்காதவர்கள்தான் இங்கே அதிகம். அடுத்த மாதத்திலிருந்தாவது வங்கியூடாக அனுப்புங்கள். ஒரே நட்டத்துக்கு ஒப்பந்த வட்டியும் வாடகையும் இரண்டையும் கேட்டால் ஒன்று வெட்டுப்படும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வட்டிக்கு வட்டி போடாதீர்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் எக்செல்லில் மாதாந்தக் கூட்டுவட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒப்பந்தம் அப்படிச் சொல்லாதவரை தனிவட்டிதான். வட்டியின் மொத்தம் முதலைத் தாண்டவும் சட்டம் விடாது.

6. கோரிக்கைக் கடிதம்

வாட்ஸ்அப்பில் 'அடுத்த மாதம் கட்டாயம், மேடம்' என்று இருநூறு செய்திகள் இருக்கும். அவை ஆதாரமாக உதவும், அழித்துவிடாதீர்கள். ஆனால் அவற்றால் கம்பனி தாமதத்தில் தள்ளப்படவில்லை. ஒப்பந்தத்தில் உறுதியான திகதி இருந்தால் அந்தத் திகதி கடந்ததுமே தாமதம் தொடங்கும். 'நியாயமான காலத்துக்குள்' என்று மட்டும் இருந்தால், நீங்கள் எழுத்தில் ஒரு திகதி கொடுத்துக் கேட்ட பிறகுதான் தொடங்கும். கடிதத்தை ஆறு மாதம் பிற்போட்டால் ஆறு மாத வட்டி போய்விடும்.

விலகுவதென்றால் இன்னும் கவனம். காலம் முக்கியம் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், நேராக 'ரத்துச் செய்கிறேன்' என்று எழுதக் கூடாது. முதலில் நியாயமான ஒரு இறுதித் திகதி கொடுத்து, அதற்குள் ஒப்படைக்காவிட்டால் விலகுவேன் என்று அறிவிக்கவேண்டும். அந்தத் திகதி தவறியபிறகு இரண்டாவது கடிதம். முதல் கடிதத்திலேயே ரத்துச் செய்தவரைப் பார்த்து, ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று கம்பனி திருப்பிவிட இடமிருக்கிறது.

கடிதத்தில் ஒப்பந்த இலக்கமும் திகதியும், வீட்டு இலக்கம், கட்டிய தொகைகள், ஒப்படைக்கவேண்டிய திகதி, கேட்பது என்ன, எத்தனை நாளில் என்பன இருந்தால் போதும். வசை வேண்டாம். தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று போடவேண்டாம். அது சமரசப் பேச்சுக்குப் போடுவது. அப்படிப் போட்ட கடிதத்தைப் பிறகு நீதிமன்றத்தில் காட்டுவதில் சிக்கல் வரும். பதிவுத் தபாலில், கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கும் கம்பனியின் முகவரிக்கு அனுப்புங்கள். வெள்ளவத்தை விற்பனை அலுவலகத்துக்கு அனுப்பிய ஒருவரின் கடிதம், அலுவலகம் மூடப்பட்டிருந்ததால் மட்டக்களப்புக்கே திரும்பி வந்தது. தபால் துண்டைக் கோப்பில் ஒட்டுங்கள்.

7. பதிலாக வரும் மூன்று தாள்கள்

கடிதம் போனதும் கம்பனி பேச வரும். அப்போது நீட்டும் தாள்களில்தான் பலர் வட்டியை இழக்கிறார்கள்.

ஒன்று, புதிய திகதியோடு ஒரு துணை ஒப்பந்தம். அதில் முந்திய தாமதம் பற்றி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் அந்த ஒரு வாக்கியத்தின் விலை 15 இலட்சத்து 36 ஆயிரம். புதிய திகதியை ஏற்கலாம், ஆனால் 'இதுவரையான வட்டி உரிமைக்குப் பாதிப்பின்றி' என்று சேர்த்து எழுதாமல் கையெழுத்திடக் கூடாது.

இரண்டு, கோவிட், 2022 பொருளாதார நெருக்கடி, இறக்குமதித் தடை என்று காரணம் சொல்லும் கடிதம். நெருக்கடி உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தைச் செய்ய முடியாமல் போவது வேறு, செலவு கூடுவது வேறு. சீமெந்து விலை ஏறியதால் மட்டும் கடமை நீங்காது. எந்தப் பொருள், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை கிடைக்கவில்லை, அதனால் எந்த வேலை நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். 2023இல் ஒப்பந்தம் எழுதிய கம்பனி 2022ஐக் காட்டினால் பதில் உங்களுக்கே தெரியும்.

மூன்று, திறப்பு. 'வாருங்கள், திறப்பை எடுங்கள்' என்று சந்தோஷமாக அழைப்பார்கள். திறப்பை வாங்கி ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டால் அன்றோடு வட்டி நிற்கும், மிச்சம் 48 இலட்சமும் கேட்பார்கள். அதற்குமுன், கட்டடம் அனுமதிப்படி கட்டி முடிந்தது என்று காட்டும் இணக்கச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதனத் திட்டம் பதியப்பட்டு உங்கள் வீட்டுக்கு இலக்கம் விழுந்துவிட்டதா என்றும் கேளுங்கள். அது பதியப்படாவிட்டால் உங்கள் பெயருக்கு வீட்டு உறுதி எழுதவே முடியாது. திட்டம் எந்த நிலையில் இருக்கிறதென்று கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையில் விசாரிக்கலாம். ஆனால் அங்கே போனால் வட்டி வாங்கித் தருவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள். இருக்க இடமில்லாமல் திறப்பை வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், குறைபாடுகளையும் சான்றிதழ் இல்லாததையும் அந்தக் கடிதத்திலேயே கையால் எழுதி, படமெடுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

8. வழக்கு, எங்கே, எப்போது

வெள்ளவத்தை வீடென்றால் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், தெஹிவளை என்றால் கல்கிசை. மட்டக்களப்பில் வழக்கிட முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். எதிராளியின் இருப்பிடம், காணி இருக்கும் இடம், ஒப்பந்தம் செய்த இடம், வழக்குக் காரணம் எழுந்த இடம் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். வாங்கியவரின் ஊர் அதில் இல்லை. கொழும்புக் கையெழுத்து, கொழும்புக் காணி, கொழும்புக் கம்பனி என்றால் இரவு பஸ்தான். இங்குள்ள சட்டத்தரணியிடம் கோப்பைத் தயார்பண்ணி, கொழும்பில் ஒருவரிடம் ஒப்படைப்பது செலவைக் கொஞ்சம் குறைக்கும்.

எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு ஆறு வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். நொத்தாரிசு ஒப்பந்தம் இல்லாமல் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் மூன்று வருடத்தைத்தான் எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். கம்பனியின் வாக்குறுதியில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

வீட்டைக் கேட்டு வழக்கிடுபவர்கள், வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிய மறக்கக் கூடாது. லிஸ் பென்டென்ஸ் என்று சட்டத்தரணிகள் சொல்வது அதைத்தான். பதியாமல் விட்டால், வழக்கு நடக்கும்போதே உங்கள் வீட்டை வாங்கும் இன்னொருவரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாமல் போகலாம். உண்மையில் விற்பனை ஒப்பந்தத்தையே எழுதிய வாரத்தில் பதிந்திருக்கவேண்டும். இன்னும் பதியாதவர்கள் வழக்கைப் பற்றி யோசிக்குமுன் அதைச் செய்யுங்கள். கம்பனி வீட்டை வேறொருவருக்கு விற்க முயல்கிறது என்று தெரிந்தால் தடையுத்தரவும் கேட்கலாம்.

பொலிசுக்குப் போகலாமா? தாமதம் மட்டும் என்றால் அது குடியியல் பிணக்கு என்று அனுப்பிவிடுவார்கள். ஒரே வீட்டை இருவருக்கு விற்றது, அனுமதியே எடுக்காமல் அனுமதி உண்டென்று சொல்லிப் பணம் வாங்கியது போன்றவை இருந்தால் விடயம் வேறு. அப்போதும் வட்டியும் பணமும் குடியியல் வழக்கில்தான் வரும்.

என் விடயத்தில் வழக்குவரை போகவில்லை. கோரிக்கைக் கடிதத்தோடு நாள்வாரி வட்டி அட்டவணையையும் இணைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் கம்பனியின் சட்டத்தரணி அழைத்து, கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். கழித்த தொகையை எழுத்தில் வாங்கியபிறகுதான் மிச்சத்தைக் கட்டினேன்.